ஏழு நொடிக்கு ஒரு முறை கிளம்பிய பம்ப்: பிரஷர் சுவிட்சையும் டேங்கையும் சரிசெய்த ஒரு வீட்டின் கணக்கு

தாம்பரத்தை அடுத்த ஒரு தனி வீடு. தரைத்தளம், அதன்மேல் ஒரு மாடி. மொட்டை மாடியில் ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி, அதன் பக்கத்தில் அரை ஹெச்.பி. பிரஷர் பம்ப். பம்பின் முதுகில் படுக்கைவாட்டில் 24 லிட்டர் பிரஷர் டேங்க். டேங்குக்கும் பம்புக்கும் நடுவே ஐந்து வாய் கொண்ட பித்தளைத் துண்டில், அழுத்தம் குறைந்தால் பம்பைக் கிளப்பி ஏறினால் நிறுத்தும் பிரஷர் சுவிட்சும், அழுத்தத்தை ‘பார்’ என்ற அளவில் காட்டும் கேஜும் மாட்டியிருக்கின்றன. தொட்டியிலிருந்து வரும் தண்ணீரைப் பம்ப் அழுத்தி இரண்டு தளத்துக்கும் அனுப்புகிறது. குளியலறை ஷவருக்காகப் போட்ட சாதாரண ஏற்பாடுதான்.

வீட்டுக்காரர் சொன்ன குறை மூன்று. வாஷ்பேசின் குழாயைத் திறந்தால் பம்ப் இரண்டு நொடி ஓடி, ஐந்து நொடி நின்று, மறுபடி இரண்டு நொடி ஓடுகிறது. சில நாள் மாலையில் எல்லாக் குழாயும் மூடியிருந்தும் பம்ப் நிற்காமல் ஓடுகிறது, கை வைத்தால் சுடுகிறது. நள்ளிரவில் யாரும் தண்ணீர் தொடாதபோதும் ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு தடவை "டக்" என்று கிளம்பி உடனே நிற்கிறது. முன்பு பார்த்த எலக்ட்ரீஷியன் சுவிட்சின் மூடியைக் கழற்றி, சின்ன நட்டை நாலு சுற்று இறுக்கி, "இனிமே இவ்வளவு சீக்கிரம் கிளம்பாது சார்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதற்குப் பிறகுதான் மாலை நேரத் தொல்லை தொடங்கியது. முதல் குறை அப்படியே இருந்தது.

மூன்றும் மூன்று தனிக் கோளாறுகள். ஆனால் எல்லாவற்றையும் சுவிட்சின் தலையில் கட்டுவது வழக்கம். கண்ணுக்குத் தெரிகிற, திருக முடிகிற பாகம் அது ஒன்றுதானே.

திருகுமுன் ஒரு வாளி

பிரஷர் டேங்குக்குள் ஒரு ரப்பர் பை இருக்கிறது. தண்ணீர் பைக்குள் போகும், பைக்கும் இரும்புக் கூட்டுக்கும் நடுவே காற்று இருக்கும். பம்ப் ஓடும்போது தண்ணீர் பைக்குள் ஏறிக் காற்றை நசுக்குகிறது. பம்ப் நின்றதும் நசுங்கிய காற்று விரிந்து தண்ணீரைக் குழாய்க்குத் தள்ளுகிறது. தண்ணீர் நசுங்காது, ஆகவே சேமிப்பு முழுவதும் காற்றின் வேலை. பம்ப் நின்ற நொடி முதல் மறுபடி கிளம்பும் நொடி வரை டேங்க் எத்தனை லிட்டர் தருகிறது என்பதே இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி. அதை அளக்க ஒரு வாளியும் ஒரு லிட்டர் சொம்பும் போதும்.

எல்லாக் குழாயையும் மூடிப் பம்ப் தானாக நிற்கும் வரை காத்திருந்து, ஒரு குழாயை மிதமாகத் திறந்து, பம்ப் கிளம்பும் சத்தம் கேட்கும் வரை தண்ணீரைப் பிடிக்க வேண்டும். இந்த வீட்டில் சொம்பு பாதி நிறைவதற்குள் பம்ப் கிளம்பிவிட்டது. அரை லிட்டர். சரியாக இருக்கும் 24 லிட்டர் டேங்க் இந்த அமைப்பில் எட்டு லிட்டருக்கு மேல் கொடுத்திருக்க வேண்டும்.

நொடிக் கணக்கும் அதையே சொல்கிறது. பேசின் குழாயில் நிமிடத்துக்கு 6 லிட்டர் வருகிறது, பம்ப் நிமிடத்துக்குச் சுமார் 20 லிட்டர் தள்ளுகிறது. அரை லிட்டரைக் குழாய் 5 நொடியில் காலி செய்யும். மீதமாகும் 14 லிட்டர் வேகத்தில் பம்ப் அதை 2 நொடியில் நிரப்பிவிடும். ஆக ஏழு நொடிக்கு ஒரு ஸ்டார்ட், பத்து நிமிடக் குளியலுக்கு எண்பதைத் தாண்டும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் மோட்டார் ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு மின்சாரம் இழுக்கிறது. அந்தச் சூடு ஆறுவதற்குள் அடுத்த ஸ்டார்ட். வைண்டிங் கருகுவதும் சுவிட்சின் கான்டாக்ட் தீய்வதும் இதனால்தான்.

இன்னொரு சோதனை இதைவிட அழகானது. பம்பின் எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, ஒரு குழாயை லேசாகத் திறந்து கேஜின் முள்ளைப் பார்த்துக்கொண்டே இருங்கள். நல்ல டேங்கில் முள் நிதானமாக இறங்கிவந்து ஓர் இடத்தில் சட்டென்று பூஜ்யத்துக்கு விழும். அப்படி விழும் இடம்தான் டேங்கில் அடைத்த காற்றின் அழுத்தம். பையில் தண்ணீர் தீர்ந்துவிட்டது, இனித் தள்ள ஒன்றுமில்லை என்று பொருள். இந்த வீட்டில் முள் 3 பாரிலிருந்து எங்கும் தயங்காமல் நேரே கீழே வந்தது. காற்றே இல்லை.

எலக்ட்ரீஷியனின் திருகல் ஏன் பலிக்கவில்லை என்பது இப்போது புரியும். சின்ன நட்டை இறுக்கியதால் பம்ப் நிற்கும் அழுத்தம் 2.8 பாரிலிருந்து 3 பாருக்கு ஏறியது. கூட்டுக்குள் காற்று இருந்திருந்தால் முக்கால் லிட்டர் கூடுதலாகக் கிடைத்திருக்கும். காற்றில்லாத டேங்கில் அது தண்ணீரை வீணாக இறுக்கியதோடு சரி.

காற்று போனது எங்கே

டேங்கின் பின்புறம் ஒரு பிளாஸ்டிக் மூடி, அதற்குள் பைக் டியூபில் இருப்பது போன்ற வால்வு. அதன் ஊசியைக் குச்சியால் அழுத்தினால் மூன்றில் ஒன்று நடக்கும். காற்று சீறினால் நல்லது. தண்ணீர் பீய்ச்சினால் ரப்பர் பை கிழிந்துவிட்டது, பையை மாற்றாமல் வேறெதுவும் செய்து பயனில்லை. இங்கே இரண்டும் வரவில்லை, ஒரு மூச்சுகூட இல்லை. பை நன்றாக இருக்கிறது, காற்றுதான் மெல்ல மெல்லக் கசிந்து போயிருக்கிறது. போன காற்றின் இடத்தையும் பை ஊதி நிரப்பிக்கொண்டது.

காற்றடிப்பதில் வரிசை முக்கியம். முதலில் எம்.சி.பி.யை இறக்க வேண்டும். பிறகு தொட்டியிலிருந்து பம்புக்கு வரும் கேட் வால்வை மூட வேண்டும். கீழ்த்தளக் குழாய் ஒன்றையும் மாடிக் குழாய் ஒன்றையும் முழுதாகத் திறந்து, கேஜ் பூஜ்யம் காட்டிய பின்னும் திறந்தபடியே விட்டுவைக்க வேண்டும். தண்ணீர்ப் பக்கம் அழுத்தம் இருக்கும்போது வால்வில் அளந்தால் தண்ணீரின் அழுத்தம்தான் காட்டும், காற்றின் கணக்கு தெரியாது. பலர் தவறுவது இந்த இடத்தில்தான்.

பைக்குக் காற்றடிக்கும் கால் பம்ப் போதும். அடிக்க அடிக்கக் கீழே திறந்துவைத்த குழாயில் தண்ணீர் ஒழுகத் தொடங்கியது. பையில் தேங்கியிருந்த தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டு காற்று தன் இடத்தைப் பிடிக்கிறது. ஒழுகல் நின்ற பிறகுதான் வால்வில் வைத்த கேஜ் ஏறத் தொடங்கும். அதற்கு முன் "எவ்வளவு அடித்தும் ஏறவில்லையே" என்று கைவிட வேண்டாம். 24 லிட்டர் கூட்டைக் கால் பம்பால் நிரப்பச் சற்று நேரம் பிடிக்கும்.

இங்கே ஒரு தவறு நடந்தது, சொல்லத் தகுந்தது. வண்டி டயருக்கு அடிக்கும் பழக்கத்தில் 30 பி.எஸ்.ஐ. வரை அடித்துவிட்டார்கள். அது 2 பாருக்குச் சற்று மேல். பம்ப் கிளம்புவதோ 1.4 பாரில். வாளியில் ஐந்து லிட்டருக்கு மேல் வந்ததால் சரியாகிவிட்டது என்றே தோன்றியது. ஆனால் ஷவரில் நின்றவருக்குப் புதுத் தொல்லை: தண்ணீர் திடீரென்று அறுந்து, ஒரு கணம் கழித்து உதைத்துக்கொண்டு வந்தது. அழுத்தம் 2 பாருக்கு இறங்கும்போதே பை காலி. பம்ப் கிளம்ப இன்னும் 0.6 பார் இறங்க வேண்டும், அந்த இடைவெளியில் குழாய்க்குத் தண்ணீர் தர ஆளில்லை. கேஜிலும் முள் 2 பாரில் சட்டென்று விழுந்தது.

பம்ப் கிளம்பும் அழுத்தத்துக்கு 0.2 பார் கீழே காற்று இருக்க வேண்டும் என்பதுதான் விதி. அந்தக் கொஞ்ச வித்தியாசம் பையில் ஒரு வாய் தண்ணீரை மிச்சம் வைக்கிறது, பம்ப் வேகம் பிடிக்கும் வரை அது தாங்கும். புது டேங்குகள் பலவும் 1.5 பார் காற்றோடு வருகின்றன, சுவிட்சுகளோ பெரும்பாலும் 1.4 பாரில் கிளம்பும்படி வருகின்றன. இரண்டையும் அப்படியே மாட்டினால் முதல் நாளிலிருந்தே ஷவர் விக்கும்.

எந்த அழுத்தத்தில் கிளம்பி எதில் நிற்பது

காற்றை இறுதியாக அளந்து வைக்குமுன் சுவிட்சின் இரண்டு எண்களையும் முடிவு செய்துகொள்ள வேண்டும், காற்றின் அளவு அதைப் பொறுத்தது. முதலில் மேல் எண். பம்பின் பெயர்த்தகட்டில் அதிகபட்ச உயரம் 32 மீட்டர் என்று இருக்கிறது. பத்து மீட்டர் ஒரு பார் என்று கொண்டால் 3.2 பார். தொட்டித் தண்ணீரின் உயரம் ஒன்றரை மீட்டர் சேர்ந்தாலும் 3.35 பாருக்கு மேல் இந்தப் பம்பால் ஏற்றவே முடியாது. அதுவும் முழு மின்னழுத்தம் இருந்து, உள்ளே சக்கரம் தேயாமல் இருந்தால். மாலையில் 190 வோல்ட்டுக்கு இறங்கும்போது முள் 2.9 பாரிலேயே நின்றுவிட்டது. சுவிட்ச் 3 பாருக்காகக் காத்திருக்கிறது, பம்பால் அங்கே போக முடியவில்லை. அதே தண்ணீரைக் கடைந்து கடைந்து பம்ப் சூடேறியது. மாலைத் தொல்லைக்கு விளக்கம் இவ்வளவுதான்.

ஆகவே நிற்கும் அழுத்தத்தை 2.6 பாருக்கு இறக்கினோம். மின்னழுத்தம் குறைந்த நேரத்தில் பம்ப் எட்டும் அளவைவிட 0.3 பார் கீழே. சேமிப்பு குறைந்துவிடாதா என்றால், குறையும்தான். அதைக் கீழ் எண்ணில் ஈடுகட்டலாம். கணக்கு எளியது. கேஜ் காட்டும் எண்ணோடு வெளிக்காற்றின் ஒரு பாரைக் கூட்டிக்கொள்ள வேண்டும். பிறகு டேங்கின் கொள்ளளவை அடைத்த காற்றின் அழுத்தத்தால் பெருக்கி, கிளம்பும் அழுத்தத்தால் வகுத்தது ஒன்று, நிற்கும் அழுத்தத்தால் வகுத்தது ஒன்று. இரண்டின் வித்தியாசமே கிடைக்கும் தண்ணீர்.

கிளம்புவது 1.4, நிற்பது 2.6, காற்று 1.2 பார் என்றால்: 24 × 2.2 × (1/2.4 − 1/3.6) = 7.3 லிட்டர்.

கிளம்புவதை 1.2 ஆகவும் காற்றை 1.0 ஆகவும் குறைத்தால்: 24 × 2.0 × (1/2.2 − 1/3.6) = 8.5 லிட்டர்.

கீழே 0.2 பார் இறக்கியதில் 1.2 லிட்டர் கூடியது. அதே 0.2 பாரை மேலே ஏற்றி 1.4-க்கு 2.8 என்று வைத்திருந்தால் 0.8 லிட்டர்தான் கூடியிருக்கும். நசுங்கிய காற்றை மேலும் நசுக்குவதில் இடம் அதிகம் கிடைக்காது, தளர்ந்த காற்றுதான் தாராளமாக விரியும். அடிக்கடி கிளம்பும் பம்பைப் பார்த்ததும் எல்லோர் கையும் மேல் எண்ணை ஏற்றத்தான் போகிறது. ஆனால் பலன் கீழ்ப்பக்கத்தில் இருக்கிறது, பம்புக்கும் அதனால் சுமை கூடாது. இதற்குக் கொடுக்கும் விலை, பம்ப் கிளம்புமுன் ஷவரின் வேகம் சற்றுத் தளர்வது. இந்த வீட்டில் பம்ப் மொட்டை மாடியில் இருப்பதால் மாடிக் குளியலறைக்கு இரண்டு மீட்டர் இறக்கத்தில் 0.2 பார் இலவசமாகக் கூடுகிறது. அதனால் 1.2 பார் போதும். பம்ப் கீழே சம்ப் அருகில் இருந்து மாடிக்குத் தள்ளும் வீட்டில் இதே எண்ணை வைத்தால் ஷவர் சொட்டும்.

நட்டைத் திருகுவது

மூடியைத் திறந்தால் உள்ளே 230 வோல்ட் முனைகள் வெறுமையாக இருக்கும். ஒவ்வொரு முறை நட்டைத் தொடுமுன்னும் எம்.சி.பி. கீழே இருக்க வேண்டும். பெரிய ஸ்பிரிங்கின் நட்டு கிளம்புவதையும் நிற்பதையும் சேர்த்து ஏற்றும், இறக்கும். சின்ன ஸ்பிரிங்கின் நட்டு இங்கே நிற்கும் அழுத்தத்தை மட்டும் மாற்றும். எல்லாத் தயாரிப்பிலும் இது ஒரே மாதிரி இராது, ஆகவே அரைச் சுற்று திருகிப் பம்பை ஓடவிட்டு எந்த எண் நகர்ந்தது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

பெரிய நட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். அது இரண்டையும் அசைப்பதால், சின்னதை முதலில் சரிசெய்தால் அந்த வேலை வீண். பெரிய நட்டை அரை அரைச் சுற்றாகத் தளர்த்தி, கிளம்புவது 1.2 பாருக்கு வந்தபோது நிற்பது 2.8-க்கு வந்திருந்தது. பிறகு சின்ன நட்டைத் தளர்த்தி 2.6. ஒவ்வொரு திருகலுக்குப் பின்னும் ஒரு முழுச் சுற்று, அதாவது பம்ப் நின்று, தண்ணீர் எடுத்து, கிளம்பி, மறுபடி நிற்கும் வரை பார்க்க வேண்டும்.

இந்தச் சுவிட்சைப் பித்தளைத் துண்டிலிருந்து கழற்றியபோது கால் அங்குலத் துளையில் பாதியை உப்பு அடைத்திருந்தது. போர் தண்ணீர் ஓடும் வீடுகளில் இது சகஜம். துளை அடைந்தால் சுவிட்ச் அழுத்தத்தைத் தாமதமாக உணரும், கேஜ் ஒன்று சொல்ல சுவிட்ச் வேறொன்று செய்யும். கம்பியால் குத்திச் சுத்தம் செய்தாயிற்று. கான்டாக்ட் புள்ளிகளோ கருகிக் குழி விழுந்திருந்தன. அவற்றை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மேல்பூச்சு போய் இன்னும் சீக்கிரம் கருகும். அதனால் புது சுவிட்ச் போட்டு, அதையும் இதே 1.2, 2.6-க்கு அமைத்தோம்.

அதன் பிறகு மறுபடி எம்.சி.பி.யை இறக்கி, கேட் வால்வை மூடி, தண்ணீரை வடித்து, டேங்கின் காற்றை 1 பாருக்குக் கொண்டுவந்தோம். டயர் கேஜில் பதினைந்து பி.எஸ்.ஐ.க்கு ஒரு மயிரிழை கீழே. சோப்பு நுரையை வால்வில் தடவியபோது சின்னச் சின்னக் குமிழ் எழுந்தது. காற்று போன வழி அதுதான். பைக் டியூபுக்குப் போடும் அதே வால்வு ஊசியை மாற்றி, மூடியையும் இறுக்கி, அரை மணி நேரம் கழித்துப் பார்த்தபோதும் முள் அதே இடத்தில் இருந்தது. கேட் வால்வைத் திறந்ததும் பம்பின் மேலே உள்ள தண்ணீர் ஊற்றும் போல்ட்டைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றிய பிறகே பம்பை ஓட விட்டோம்.

டயர் கேஜும் பம்பின் கேஜும் ஒத்துப்போகின்றனவா என்பதை ஒரே நிமிடத்தில் பார்க்கலாம். டேங்கில் தண்ணீர் நிறைந்து பம்ப் நின்றிருக்கும்போது டயர் கேஜைக் காற்று வால்வில் வைத்தால் இரண்டும் ஒரே அழுத்தம் காட்ட வேண்டும். ரப்பருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அப்போது ஒரே அழுத்தம்தான்.

வாளிச் சோதனையை மறுபடி செய்தபோது 8 லிட்டர் வந்தது. பேசின் குழாயைத் திறந்துவைத்தால் பம்ப் 80 நொடி நின்று 34 நொடி ஓடுகிறது. பத்து நிமிடக் குளியலுக்கு ஐந்தாறு ஸ்டார்ட்.

இரவில் கிளம்பும் பம்ப்

மூன்றாவது குறை டேங்கைச் சேர்ந்ததல்ல. ஆனால் டேங்கைச் சரிசெய்ததும் அது பாதி மறைந்துவிட்டது. ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை கிளம்பிய பம்ப் இப்போது 25 நிமிடத்துக்கு ஒருமுறை கிளம்பியது. பலர் இந்த இடத்தில் திருப்தியோடு நிறுத்திவிடுகிறார்கள். கசிவின் அளவு மாறவே இல்லை: 8 லிட்டர் 25 நிமிடத்தில் போனாலும், அரை லிட்டர் ஒன்றரை நிமிடத்தில் போனாலும் நிமிடத்துக்கு 0.3 லிட்டருக்கு மேல்தான். நாளுக்கு 450 லிட்டரைத் தாண்டும்.

கசிவு எந்தப் பக்கம் என்று பிரிக்க, பம்ப் நின்றதும் எம்.சி.பி.யை இறக்கி, டேங்கைத் தாண்டி வீட்டுக்குப் போகும் வால்வை மூடிவிட்டுக் கேஜைப் பார்க்க வேண்டும். முள் இறங்கினால், தண்ணீர் பின்னோக்கிப் போகாமல் தடுக்கப் பம்புக்கு முன்னால் வைத்த என்.ஆர்.வி. வால்வு வழியாகத் தண்ணீர் தொட்டிக்கே திரும்புகிறது. பெரும்பாலும் அதன் இருக்கையில் மண்ணோ டெஃப்லான் நாடாவின் துணுக்கோ சிக்கியிருக்கும். இங்கே முள் அசையவில்லை, ஆகவே கசிவு வீட்டுக்குள். இரண்டு கழிப்பறையின் ஃப்ளஷ் டேங்கிலும் நாலு சொட்டு நீலம் விட்டுக் காத்திருந்தபோது, பத்து நிமிடத்தில் மாடிக் கழிப்பறையின் கோப்பையில் நீலக் கோடு இறங்கியது. அடியில் இருந்த ரப்பர் வாஷர் கெட்டியாகி மடங்கியிருந்தது. அதை மாற்றியதும் இரவு முழுக்கப் பம்ப் கிளம்பவில்லை.

இந்த அமைப்புக்கு ஓர் எல்லை உண்டு. தோட்டக் குழாயை மிதமாகத் திறந்து ஒரு மணி நேரம் விட்டால் பம்ப் முப்பது தடவைக்கு மேல் கிளம்பும், 24 லிட்டர் டேங்கை எப்படித் திருகினாலும் அதைக் குறைக்க முடியாது. மணிக்கு இருபதுக்குள் வைக்க வேண்டுமென்றால், நிமிடத்துக்கு 20 லிட்டர் தள்ளும் பம்புக்கு ஒவ்வொரு தடவையும் 15 லிட்டர் சேமிப்பு வேண்டும், அதாவது 50 லிட்டர் டேங்க். இந்த வீட்டில் அதற்காகச் செலவழிக்காமல், தோட்டக் குழாயை மட்டும் பம்பைத் தொடாமல் தொட்டியிலிருந்தே நேராக எடுத்துவிட்டார்கள்.